"இராகத்தலைவனுக்கு" என்றால் யாருக்கு?

வாசகர் கடிதம்

ஐயா, எங்கள் சபையில் முப்பது வருடமாகக் கொயர் நடத்துகிறேன். இருபது சங்கீதங்களைத் தெரிந்தெடுத்து, நம்ம மெட்டில் பாடுவதற்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம். தலைப்புகளில்தான் சண்டை. "இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட" என்பதெல்லாம் அச்சடித்தவர்கள் சேர்த்தது, எடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் செயலாளர். தாவீது ராஜா தன் கைப்பட எழுதியது, ஓர் எழுத்தையும் எடுக்கக் கூடாது என்கிறேன் நான். வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி, அந்த வரி முந்தின சங்கீதத்தின் கடைசி வரி, இடம் மாறிவிட்டது என்று எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறான். யார் சொல்வது சரி? இவை எவ்வளவு பழையவை? தலைப்பில் சொல்லியிருக்கும் ராகங்களைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

*பெயர் வெளியிட விரும்பாத வாசகர்*

பதில்

அன்புள்ள சகோதரருக்கு, ஸ்தோத்திரம்.

முதலில் இரண்டு வகைத் தலைப்புகளைப் பிரித்துக்கொள்வோம், பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். சில பதிப்புகளில் சங்கீதத்துக்கு மேலே தடித்த எழுத்தில், அதில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு வரி இருக்கும். அது வாசிக்கிறவர்களின் வசதிக்காகப் பதிப்பாளர்கள் போட்டது. அதைப் பற்றி மட்டும் பேசினால் உங்கள் செயலாளர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் கேட்கும் வரி அந்த வகையல்ல. எபிரெய வேதாகமத்தில் அது மூலத்தின் பகுதி, அதற்கு வசன எண்ணும் உண்டு. 51-ஆம் சங்கீதத்தை எபிரெயத்தில் திறந்தால், தாவீதிடம் நாத்தான் வந்ததைச் சொல்லும் தலைப்பே முதல் இரண்டு வசனங்களை எடுத்துக்கொள்கிறது. நம்முடைய முதல் வசனம் அங்கே மூன்றாவது. எது எந்த வகை என்று தெரிய எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். உங்கள் பழைய வேதாகமத்தையும் கத்தோலிக்கத் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வார்த்தை மாறினாலும் இரண்டிலும் ஒரே செய்தி இருந்தால் அது பழைய தலைப்பு. அங்கே "பாடகர் தலைவர்க்கு" என்று இருப்பதும் இங்கே "இராகத்தலைவனுக்கு" என்று இருப்பதும் ஒரே எபிரெயச் சொல்தான்.

அந்த ஒரு சொல்

அந்தச் சொல் "லம்னட்சேயாக்". 55 சங்கீதங்களின் தலைப்பில் வருகிறது. சங்கீதப் புத்தகத்துக்கு வெளியே ஒரே ஓர் இடத்தில், ஆபகூக் 3-ஆம் அதிகாரத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அந்தத் தம்பி பேசுவது இந்த இடத்தை வைத்துத்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

முன்னால் நிற்கும் "ல" என்பது நம்முடைய "க்கு" மாதிரி ஒரு உருபு. மீதிச் சொல்லுக்கு ஒரு வேலையை மேற்பார்வை செய்கிறவர் என்று அர்த்தம். அதில் ராகமும் இல்லை, "ஒப்புவிக்கப்பட்ட" என்ற சொல்லும் இல்லை. ஒற்றைச் சொல்லாகப் பட்டென்று நிற்பதை வாக்கியமாக்குவதற்காக நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைச் சேர்த்தார்கள். அது குற்றமல்ல. ஆனால் அதைப் படிக்கிறவர்கள் மனதில், தாவீது பாட்டை எழுதி முடித்து ஒருவர் கையில் கொடுத்த காட்சி வந்துவிடுகிறது. எபிரெயம் அந்தக் காட்சியைச் சொல்லவில்லை.

அப்படியானால் மேற்பார்வை செய்கிறவர் யார்? இதே வினைச்சொல் நாளாகமப் புத்தகங்களிலும் எஸ்றாவிலும் வருகிறது. 2 நாளாகமம் 2-ஆம் அதிகாரத்தில் சாலொமோன் மலையில் கல் வெட்டுகிறவர்கள்மேல் 3,600 கண்காணிகளை வைத்தான் அல்லவா, அந்தக் கண்காணிக்கும் இதே பெயர்தான். எஸ்றா 3-இல் ஆலய வேலையை நடத்த லேவியரை ஏற்படுத்தியபோதும் இதே சொல். 1 நாளாகமம் 15:21-இல்தான் அது இசைக்கு வருகிறது. அங்கே ஆறு பேர் சுரமண்டலங்களோடு பாட்டை நடத்துகிறார்கள். கூடவே "எட்டாவது" என்று பொருள்படும் ஒரு இசைக் குறிப்பும் இருக்கிறது. அதே குறிப்பு 6-ஆம், 12-ஆம் சங்கீதத் தலைப்புகளிலும் உண்டு. ஆகவே இது ஒருவருடைய சொந்தப் பெயரும் அல்ல, ராகத்தின் பெயரும் அல்ல. ஆலயத்தில் பாட்டுக்காரரையும் வாத்தியக்காரரையும் சேர்த்து நடத்திய பொறுப்பாளர். நாம் தினமும் சொல்லும் "கொயர் மாஸ்டர்" அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. நீங்கள் முப்பது வருடமாகச் செய்யும் வேலைதான் அது.

"கொயர் மாஸ்டருக்கு" என்று ஒரு பாட்டின்மேல் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்பதில் அறிஞர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். அவர் நடத்திப் பாட வேண்டிய பாட்டு என்பது ஒரு விளக்கம். அவருடைய தொகுப்பிலிருந்து எடுத்த பாட்டு என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில் ஒரு நியாயம் தெரிகிறது. சங்கீதப் புத்தகம் ஐந்து பாகங்களாகப் பிரிந்திருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த 55-இல் 52 முதல் மூன்று பாகங்களில், அதாவது 89-ஆம் சங்கீதத்துக்குள்ளேயே இருக்கின்றன. நான்காம் பாகத்தில் ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் பாகத்தில் 109, 139, 140 மட்டும். பாட்டைப் பொதுவாக நடத்தச் சொல்லும் குறிப்பு என்றால், சந்தோஷமாகக் கூட்டமாய்ப் பாடும் 95-க்கும் 100-க்கும் 150-க்கும் அது ஏன் இல்லை? முதலில் சேர்ந்த ஒரு பாட்டுப் புத்தகத்தின் அடையாளம் இது என்று எடுத்துக்கொண்டால் இந்த இடைவெளி புரிகிறது.

எவ்வளவு பழையது?

எபிரெய வகுப்பில் மாணவர்கள் இதைக் கேட்கும்போது நான் முதலில் காட்டுவது கிரேக்க மொழிபெயர்ப்பை. சங்கீதங்கள் பெரும்பாலும் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்துக்குப் போயின என்பது பொதுவான கருத்து. அந்த மொழிபெயர்ப்பாளர் எபிரெயம் நன்றாகத் தெரிந்தவர். ஆனாலும் "லம்னட்சேயாக்" வரும் இடத்திலெல்லாம் "முடிவுக்கு" என்று எழுதிவைத்திருக்கிறார். அதே வேரிலிருந்து "முடிவு, என்றென்றைக்கும்" என்ற பொருளில் இன்னொரு சொல் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டார். லத்தீனும் அவர் வழியே போனது. அகஸ்டின் அந்தத் தலைப்பைப் பார்த்து, நியாயப்பிரமாணத்தின் முடிவு கிறிஸ்துவே என்ற ரோமர் 10:4-ஐ எடுத்துப் பிரசங்கித்தார். ஜெரோம் எபிரெயத்திலிருந்து நேரே பெயர்த்தபோது "வெற்றி பெற்றவருக்கு" என்றார்.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு முக்கியமான துப்பு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே, அதுவும் எருசலேம் ஆலயத்தில் லேவியர் இன்னும் பாடிக்கொண்டிருந்த காலத்தில், படித்த ஒருவருக்கு இந்தச் சொல் புரியவில்லை. புரியாத சொல்லை யாரும் புதிதாக எழுதிச் சேர்க்க மாட்டார்கள். அது அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். 1947-க்குப் பிறகு சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த சங்கீதச் சுருள்களில் மிகப் பழையது கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அந்தச் சுருள்களிலும் தலைப்புகள் பாட்டோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே அச்சுக்கூடத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் குறிப்பு இதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது என்பது ஒரு எல்லை. எந்தக் காலத்திலிருந்து வழங்கியது என்ற மறு எல்லைக்கு நாளாகமத்தையும் எஸ்றாவையும் மறுபடி பார்க்க வேண்டும். மேற்பார்வை செய்வது என்ற பொருளில் இந்த வினைச்சொல் பயன்படுவது இந்தப் புத்தகங்களில்தான். இவை பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு, பெர்சியர் ஆட்சியிலோ அதை ஒட்டியோ எழுதப்பட்டவை. சாமுவேல், ராஜாக்கள் புத்தகங்கள் அதே காலத்து நிகழ்ச்சிகளைச் சொல்லும்போதும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஆகவே இந்தக் குறிப்பு கி.மு. 515-இல் கட்டி முடித்த இரண்டாம் ஆலயத்தின் பாடகர்களிடையே, கி.மு. 5-ஆம், 4-ஆம் நூற்றாண்டுகளில் வழங்கியது என்பதே என் மதிப்பீடு. அதில் சில பகுதிகள் சாலொமோனின் ஆலயத்துக் காலத்திலிருந்து வந்திருக்கலாம், அதை மறுக்க மாட்டேன்.

தலைப்புக்கும் பாட்டுக்கும் வயது ஒன்றல்ல

இங்கேதான் உங்கள் கருத்தையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களே செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 18-ஆம் சங்கீதத்தையும் 2 சாமுவேல் 22-ஐயும் திறந்து வையுங்கள். அங்கங்கே சொல் மாறினாலும் இரண்டும் ஒரே பாட்டு. கர்த்தர் தாவீதைச் சவுலின் கைக்கும் சத்துருக்களின் கைக்கும் தப்புவித்தபோது பாடியது என்ற செய்தி இரண்டின் தொடக்கத்திலும் ஒன்றுபோல இருக்கிறது. ஆனால் "லம்னட்சேயாக்" சங்கீதத்தில் மட்டும்தான் உண்டு, சாமுவேலில் இல்லை. இன்னொன்றும் பாருங்கள். "என் பெலனாகிய கர்த்தாவே, உம்மில் அன்புகூருவேன்" என்ற முதல் வரியும் சங்கீதத்தில் மட்டுமே இருக்கிறது. சாமுவேலில் பாட்டு "கர்த்தர் என் கன்மலை" என்றே தொடங்குகிறது. சரித்திரத்தில் நின்ற பாட்டு ஆலயத்துக்குள் வந்தபோது பாடகர்கள் கை அதில் பட்டிருக்கிறது. கொயர் மாஸ்டருக்கான குறிப்பும் அப்படி வந்ததுதான்.

14-ஐயும் 53-ஐயும் அதேபோல் ஒப்பிடலாம். "தேவன் இல்லை என்று மதிகேடன்" சொல்லிக்கொள்ளும் அந்த ஒரே பாட்டு புத்தகத்தில் இரண்டு முறை இருக்கிறது. இரண்டு தலைப்பிலும் கொயர் மாஸ்டர் உண்டு. ஆனால் 53-இல் மட்டும் "மகலாத்" என்ற இசைக் குறிப்பு கூடுதலாக இருக்கிறது. பாட்டு ஒன்று, அதைப் பாடிய விதம் இரண்டு.

புறநானூறு படித்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒவ்வொரு பாட்டின் கீழும் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று குறிப்பு இருக்கும். அவற்றைப் புலவர்கள் எழுதவில்லை, பாட்டுகளைத் தொகுத்தவர்கள் எழுதினார்கள். அதனால் அவற்றைத் தூக்கி எறிகிறோமா? இல்லை. பாட்டு கைமாறி வந்த பாதை அவற்றில்தான் தெரிகிறது. அதே சமயம் திணைக் குறிப்பை ஒளவையார் பாட்டின் ஒரு அடி என்றும் யாரும் சொல்வதில்லை.

தாவீதின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு முன்னாலும் அதே "ல" உருபுதான் நிற்கிறது. "தாவீதுடைய", "தாவீதுக்கு", "தாவீதின் தொகுப்பைச் சேர்ந்த" என்று மூன்று விதமாகவும் அதைப் படிக்கலாம். காலம் போகப்போக அந்தப் பெயர் பெருகவும் செய்தது. "பாபிலோன் ஆறுகள் அருகே" என்ற 137-ஆம் சங்கீதத்துக்கு எபிரெயத்தில் தலைப்பே கிடையாது. கிரேக்கத்தில் அதற்கும் தாவீதின் பெயர் வந்துவிட்டது, அவருக்குப் பல நூறு வருடங்களுக்குப் பிந்திய துயரத்தைப் பாடுகிற பாட்டாக இருந்தும். தலைப்புகள் எல்லாமே ஒரே நாளில் ஒரே கையால் எழுதியவை என்று வைத்துக்கொண்டால் இதற்கெல்லாம் பதில் சொல்வது கஷ்டம்.

அந்தத் தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது

அவனைச் சும்மா உட்காரச் சொல்லிவிடாதீர்கள். 1904-இல் தேர்டில் என்ற ஆங்கிலேயர் இந்தக் கருத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். ஆபகூக் 3 தனியாக நிற்கும் ஒரு பாட்டு. அதில் மேலே ஆசிரியர் பெயர் இருக்கிறது, கீழே கொயர் மாஸ்டருக்கான குறிப்பு இருக்கிறது. சங்கீதங்களிலும் அப்படித்தான் இருந்திருக்கும், பாட்டுகளை இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து எழுதியதில் கீழ்க்குறிப்பு அடுத்த பாட்டின் தலையில் ஏறிவிட்டது என்பது அவர் வாதம். 1991-இல் புரூஸ் வால்ட்கே என்ற பழைய ஏற்பாட்டு அறிஞர் இதை மறுபடி எடுத்துப் பேசினார்.

அவர்களுக்குச் சாதகமான இடம் ஒன்றைக் காட்டுகிறேன், பார்க்கவே அழகாயிருக்கும். 56-ஆம் சங்கீதத் தலைப்பில் "யோனாத் ஏலேம் ரெகோகிம்" என்று வருகிறது. யோனா என்றால் புறா, ரெகோகிம் என்றால் தூரமானவை. 56-இல் புறாவே இல்லை. ஆனால் அதற்கு முந்தின 55-இல், எனக்குப் புறாவைப்போல் சிறகுகள் இருந்தால் பறந்துபோய் இளைப்பாறுவேன், தூரத்தில் அலைந்து திரிவேன் என்று தாவீது ஏங்குகிறார். புறாவும் தூரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 88-ஆம் சங்கீதமும் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. அதன் தலைப்பு கோராகின் புத்திரரின் பாட்டு என்று தொடங்கி, எஸ்ராகியனான ஏமானின் பாட்டு என்று முடிகிறது. ஒரு பாட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். தலைப்பின் முதல் பாதி 87-இன் கடைசிக் குறிப்பு என்றால் இது ஒழுங்காகிவிடும்.

இவ்வளவு இருந்தும் நான் இதை முழுசாக ஏற்கவில்லை. நம் கைக்கு வந்த எபிரெயப் பிரதிகளும் கிரேக்கமும் அந்தச் சொல்லை அடுத்த சங்கீதத்தோடுதான் சேர்க்கின்றன. இடம் மாறியிருந்தால் எல்லாச் சாட்சிகளுக்கும் முன்னால் மாறியிருக்க வேண்டும். தவிர, புறா என்பது மெட்டின் பெயராகவே இருந்தால் பாட்டுக்குள் புறா வர வேண்டிய அவசியம் இல்லை. மெட்டுப் பெயரும் பாட்டின் பொருளும் சேராமல் இருப்பது சாதாரணம். ஆகவே 88 மாதிரி ஓரிரு இடங்களில் இது நடந்திருக்கலாம், 55 தலைப்புகளிலும் நடந்தது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஒன்றைக் கவனியுங்கள்: தம்பி சொல்வது சரியென்றாலும், அந்தச் சொல் கவிஞருடையதல்ல, பாடகர்களுடைய குறிப்பு என்பது மாறவில்லை.

ராகங்களைத் தேடி

கண்டுபிடிக்க முடியாது, சகோதரரே. பெயர் இருக்கிறது, சுரம் இல்லை. 22-ஆம் சங்கீதத்தின் தலைப்பில் உள்ள சொற்களுக்கு "விடியலின் பெண்மான்" என்று அர்த்தம். 57, 58, 59, 75 நான்கிலும் "அழிக்காதே" என்று இருக்கிறது. நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் இன்ன பாட்டு மெட்டு என்று மேலே போடுவார்களே, அதே மாதிரி எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் முதல் சொற்களாக இவை இருந்திருக்கலாம். ஏசாயா 65:8-இல் திராட்சக்குலையைப் பார்த்து, அதை அழிக்காதே, அதில் ஆசீர்வாதம் உண்டு என்று ஜனங்கள் சொல்வதாக ஒரு வரி வருகிறது. அது திராட்சை அறுப்புக் காலத்துப் பாட்டு, அதன் மெட்டில்தான் இந்த நான்கும் பாடப்பட்டன என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அது பிடித்த விளக்கம், நிரூபிக்க வழியில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பு இந்த மாதிரிப் பெயர்களில் சிலவற்றை வாத்தியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதை நம்பி அந்த வாத்தியத்தைத் தேடப் போகாதீர்கள்.

உங்கள் புத்தகத்துக்கு

தலைப்புகளை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 1970-இல் வந்த நியூ இங்கிலிஷ் பைபிள் அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தது. 1989-இல் அதைத் திருத்தி வெளியிட்டவர்கள் திரும்பவும் சேர்த்துவிட்டார்கள். எடுத்துவிட்டால் 51-இல் நாத்தான் காணாமல் போவான், அந்தப் பாட்டை இத்தனை தலைமுறை எப்படிக் கேட்டது என்பதும் கூடவே போய்விடும். ஆனால் தலைப்பைப் பாட்டுக்குள் சேர்த்துப் பாட வேண்டாம். சின்ன எழுத்தில், வசன எண் இல்லாமல், பாட்டுக்கு மேலே போடுங்கள். முந்தின சங்கீதத்தின் கீழே நகர்த்தவும் வேண்டாம். 88 உங்கள் இருபதில் இருந்தால் தம்பியையே அதற்கு ஒரு சிறு குறிப்பு எழுதச் சொல்லலாம். "ஒப்புவிக்கப்பட்ட" என்ற சொல்லை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றாமல், வேதாகமத்தில் உள்ளபடியே அச்சிடுங்கள். இராகத்தலைவன் என்றால் கொயர் மாஸ்டர் என்று முன்னுரையில் ஒரு வரி போட்டால் போதும்.

அப்புறம், நீங்கள் அமைத்த மெட்டின் ராகத்தையும் தாளத்தையும் அந்தத் தலைப்பின் பக்கத்தில் எழுதாதீர்கள். பரிபாடலில் இருப்பதுபோல் பாட்டுக்குக் கீழே, மெட்டமைத்தவர் பெயரோடும் வருடத்தோடும் தனியாகப் போடுங்கள். கூடவே சுரக்குறிப்பையும் எழுதி வையுங்கள்.